செவி, கிவி, கெபி: எழுதி வைக்காத மூலச் சொல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி: காதுக்குத் தமிழில் 'செவி', கன்னடத்தில் 'கிவி', துளுவில் 'கெபி'. இதெல்லாம் ஒரே சொல்லில் இருந்து வந்தது, அந்த மூலச் சொல் '*கெவி' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படி ஒரு சொல் எந்தக் கல்வெட்டிலும் ஓலையிலும் இல்லை. 'செவி' தான் பழையது, மற்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள் என்று ஏன் சொல்லக் கூடாது? இது வெறும் ஊகமா, இல்லை இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

பதில்:

முறை இருக்கிறது. அதற்கு ஒப்பீட்டு முறை என்று பெயர். ஆனால் 'செவி' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ககரம் சகரமானதா, சகரம் ககரமானதா என்று அந்த ஒரு சொல்லை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. பல சொற்களை வரிசையாக வைக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே முதலில் அந்த வரிசையைப் போடுவோம்.

சொல் சேர்க்கும்போதே கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். உடல் உறுப்பு, எண், அன்றாட வினை, நிறம், நீர், நிலம் போன்ற எளிதில் கடன் வாங்காத சொற்களாகத் தேட வேண்டும். குழந்தை மழலைச் சொற்களும் ஒலிக்குறிப்புச் சொற்களும் உதவாது. கொரிய மொழியில் 'அப்பா' என்றால் அப்பாதான். அதை வைத்துக் கொரியர்களை நமக்குச் சொந்தமாக்கும் பதிவுகள் வாரம் ஒன்று வருகின்றன. உதடுகளை மூடித் திறந்தாலே வந்துவிடும் அந்த ஒலிகளை உலகின் பல மூலைகளில் குழந்தைகள் தாங்களாகவே சொல்கின்றன, பெற்றோர் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து உறவு எதுவும் தெரியாது.

இனி நம் வரிசை. தமிழ் எழுத்தில் எழுதுவதால் பிற மொழிகளின் சில ஒலிகள், குறிப்பாகக் கன்னடத்தின் மெல்லிய ககரம், சரியாகத் தெரியாது. தமிழிலும் தெலுங்கிலும் வரும் 'ச'வை 'அச்சம்' என்பதில் வரும் வல்லொலியாகவே வாசியுங்கள்.

| பொருள் | தமிழ் | கன்னடம் | தெலுங்கு |
|---|---|---|---|
| காது | செவி | கிவி | செவி |
| காலணி | செருப்பு | கெர | செப்பு |
| செய்தல் | செய் | கெய் | சேயு |
| சிறிய | சிறு | கிறு | சிறு |
| ஏரி, அணை | சிறை | கெரெ | செருவு |
| சிவந்த | செம்- | கெம்- | செம்- |

'சிறை' இங்கே எப்படி வந்தது என்று தோன்றலாம். நீரைத் தடுத்து நிறுத்தும் அணை என்பது அதன் பழைய பொருள். 'கற்சிறை' என்றால் கல்லணை. மலையாளத்தில் 'சிற' என்பது இன்றும் அணையையும் குளத்தையும் குறிக்கிறது.

இந்த ஆறு வரிகளிலும் தமிழ் சகரத்துக்கு எதிரே கன்னடத்தில் ககர ஒலி நிற்கிறது. ஒன்றிரண்டு சொல் தற்செயலாக ஒத்துப்போகலாம். அதே இடத்தில் அதே ஜோடி மீண்டும் மீண்டும் வந்தால் தற்செயல் என்று தள்ள முடியாது. இதைத்தான் ஒழுங்கான ஒலியிணை என்கிறோம். சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமே இதில் கிடையாது. 'சிறை'யும் 'கெரெ'யும் கேட்பதற்கு எந்த வகையிலும் ஒன்றல்ல. ஆனால் தமிழ் வடிவம் தெரிந்தால் கன்னட வடிவத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமிழ் 'இலை', 'விலை', 'நிலை' கன்னடத்தில் 'எலெ', 'பெலெ', 'நெலெ'. எனவே 'சிறை'யின் இகரம் எகரமாகும், கடைசி ஐகாரமும் எகரமாகும், தொடக்கச் சகரம் ககரமாகும் என்று ஒவ்வொரு ஒலியையும் அதற்குரிய விதியால் எதிர்பார்க்கலாம். ஒப்பீட்டு முறை உறவை அளப்பது இப்படி முன்கூட்டிச் சொல்ல முடிவதை வைத்துத்தான்.

இப்போது உங்கள் நேர்க்கேள்விக்கு வரலாம். 'செவி' தான் மூலம், கன்னடம் சகரத்தைக் ககரமாக்கியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இகர எகரத்துக்கு முன் வரும் தமிழ்ச் சகரம் எல்லாமே கன்னடத்தில் ககரமாக வர வேண்டும். 'சேரி' என்பதற்குக் கன்னடத்தில் 'கேரி', தெரு. சரி, பொருந்துகிறது. 'சேர்' என்ற வினைக்கு? கன்னடத்தில் 'சேரு' என்றுதான் வருகிறது, 'கேரு' என்று வருவதில்லை. இரண்டிலும் சகரத்தை அடுத்து ஏகாரம், அடுத்து ரகரம். சூழல் ஒன்றுதான். ஒரே சூழலில் ஒரே ஒலி ஒரு சொல்லில் ககரமாகவும் இன்னொரு சொல்லில் சகரமாகவும் எப்படிப் பிரியும்? பிரிவதற்கான காரணம் எதையும் காட்ட முடியாது. கன்னடம் பேசியவர்கள் தங்கள் மனம்போல இதை மாற்றலாம், அதை விடலாம் என்று முடிவு செய்தார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூலமொழியில் *கேரி என்றும் *சேர் என்றும் இரு வேறு தொடக்க ஒலிகள் இருந்தன. கன்னடம் அவற்றை வேறாகவே வைத்திருந்தது. தமிழில் எகர இகரத்துக்கு முன்னால் இருந்த ககரம் சகரமாகி, ஏற்கெனவே இருந்த சகரத்தோடு கலந்துவிட்டது. இப்படிச் சொன்னால் எல்லாச் சொற்களும் ஒரே விதியில் அடங்கிவிடுகின்றன. இரண்டு ஒலிகள் கலந்து ஒன்றாவது மொழிகளில் சாதாரணமாக நடக்கும். ஒன்றான பிறகு, எது எங்கிருந்து வந்தது என்று பேசுபவர்களுக்கே தெரியாதபோது, அவை பழையபடி சரியாகப் பிரிந்து போவதில்லை. ஒரு மொழியில் வேறாக இருப்பதும் இன்னொன்றில் ஒன்றாக இருப்பதும் எதிரெதிரே நின்றால், சூழலைக் காட்டி அந்த வேறுபாட்டை விளக்க முடியாதவரை, வேறாக இருப்பதையே பழையது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறையில் மிக அதிகமாகப் பயன்படும் கருவி இதுதான்.

இதற்கு இன்னும் இரண்டு ஆதாரங்கள். ஒன்று, அகர உகர ஒகரங்களுக்கு முன் தமிழில் ககரம் அப்படியே இருக்கிறது: கல், கால், காய், குடி, கொல். கன்னடத்திலும் அப்படியே. மாற்றம் நடந்தது இகர, எகரங்களுக்கும் அவற்றின் நெடில்களுக்கும் முன்னால் மட்டும். இரண்டாவது, அந்த இடத்தில் மட்டும் ஏன் என்பதற்கு வாயே விடை சொல்கிறது. 'கூ' என்றும் 'கீ' என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'கீ'யில் நாக்கு அண்ணத்தை முன்னால் போய்த் தொடும். அது இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் சகரம் பிறக்கும் இடம். உலகெங்கும் இந்த மாற்றம் இந்தத் திசையில்தான் பெரும்பாலும் நடக்கிறது. லத்தீனில் நூறு என்பதற்கு 'கென்டும்', அதன் மகளான இத்தாலியத்தில் 'சென்டோ'. லத்தீன் எழுதி வைக்கப்பட்ட மொழி என்பதால் அங்கே திசையைப் பற்றிச் சண்டை இல்லை.

இதுவரை எல்லாம் சுலபம். இந்த நேரத்தில் தமிழ் தெரிந்த யாரும் ஒரு தடை சொல்ல வேண்டும்: எகர இகரத்துக்கு முன் ககரம் சகரமாகிவிட்டது என்றால் கிளி, கிணறு, கீழ், கிழங்கு, கெடு, கேள், கேணி எல்லாம் எப்படித் தப்பின?

இந்தத் தடையை 'விதிவிலக்கு' என்று சொல்லி ஒதுக்கினால் முறையே செத்துவிடும். விதிக்கு ஒத்துவராத சொற்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உயிரெழுத்துக்கு அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள். கிளி: ளகரம். கிணறு, கேணி: ணகரம். கீழ், கிழங்கு: ழகரம். கெடு: டகரம். அத்தனையும் நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள். மாறிய சொற்களைப் பாருங்கள்: செவி, செருப்பு, செய், சிறு, செம். வகரம், ரகரம், யகரம், றகரம், மகரம். நாமடி ஒலி ஒன்றுகூட இல்லை. இந்த விதியை மொழியியலாளர் தாமஸ் பரோ 1943-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒழுங்காக வகுத்தார். எகர இகரங்களுக்கு முன் ககரம் தமிழில் சகரமாகும். ஆனால் அந்த உயிரை அடுத்து நாமடி மெய் வந்தால் ஆகாது.

நாமடி ஒலி ஏன் தடுக்க வேண்டும்? அதற்கு விடை நம் பேச்சிலேயே இருக்கிறது. 'பிடி' என்பதைப் 'புடி' என்கிறோம். பெட்டி 'பொட்டி' ஆகிறது, வீடு 'வூடு' ஆகிறது, பிள்ளை 'புள்ள' ஆகிறது. 'பேய்' மட்டும் 'போய்' ஆவதில்லை, 'வெயில்' 'வொயில்' ஆவதில்லை. முன்னால் உதட்டொலியும் பின்னால் நாமடி ஒலியும் இருக்கும் இடங்களில்தான் இது நடக்கிறது. நாக்கு மடங்கப் போகிறது என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய இகர எகரங்களே கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகின்றன. உதட்டொலி இருந்தால் அது உகரமாகவோ ஒகரமாகவோ குவிந்து நம் காதுக்கே தெரிகிறது. 'கெடு'வில் உதட்டொலி இல்லாததால் குவியவில்லை. ஆனால் உயிர் பின்னுக்கு நகர்ந்துவிட்டதால் ககரத்தை முன்னால் இழுக்கும் வலிமை அதற்குப் போய்விட்டது. எழுத்திலக்கணம் இருக்கட்டும், பேச்சுத் தமிழைக் கொச்சை என்று தள்ளுபவர்கள் இந்த ஓரிடத்திலாவது அதற்கு நன்றி சொல்லலாம்.

இப்போது தெலுங்கு. மேலே உள்ள வரிசையில் தெலுங்கு தமிழோடு சேர்ந்து நிற்கிறது. அப்படியானால் தமிழும் தெலுங்கும் ஒன்றாக இருந்தபோது இந்த மாற்றம் நடந்து, கன்னடம் அதற்கு முன்பே பிரிந்துவிட்டதா? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தப்பிய சொற்களை வைத்துச் சோதித்தால் அது நிற்காது. தமிழ் 'கிளி' தெலுங்கில் 'சிலுக'. தமிழ் 'கெடு' தெலுங்கில் 'செடு'. நாமடி ஒலிக்கு முன்னாலும் தெலுங்கு ககரத்தைச் சகரமாக்கியிருக்கிறது. இரு மொழிகளிலும் விளைவு ஒன்றுபோல இருந்தாலும் விதியின் எல்லை வேறு. எனவே இவை தனித்தனியே நடந்த இரண்டு மாற்றங்கள். மலையாளத்தில் 'கிளி', 'கெடு' என்று தமிழின் எல்லைக்கோடு அப்படியே இருக்கிறது. ஆகவே தமிழும் மலையாளமும் இந்த மாற்றத்தைச் சேர்ந்தே கண்டவை. நீலகிரியின் கோத்தர் மொழியில் காது 'கெவ்', குடகு மொழியில் 'கெமி'. மற்ற வகைகளில் தமிழுக்கு மிக நெருக்கமான இந்த மொழிகள் ககரத்தை வைத்திருப்பதால், அவை பிரிந்த பிறகே தமிழில் மாற்றம் நடந்தது என்று தெரிகிறது.

மூலத்தில் ககரம்தான் என்பதற்கும் இதே சாட்சிகள்தான் பலம். கன்னடம், துளு, குடகு, கோத்தர் மொழி எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றியிருக்கலாம் என்று வாதிடலாம். மத்திய இந்தியாவின் திராவிட மொழியான கோலாமியிலும் 'கெவ்' தான். பலுசிஸ்தானத்தில் பேசப்படும் திராவிட மொழியான பிராகுவியில் காது என்பதற்கு 'கஃப்', தொண்டையில் உரசும் ககரத்தோடு. கன்னடத்தோடு நெடுங்காலமாக எந்தத் தொடர்பும் இல்லாத மொழி அது. எத்தனை மொழிகள் ககரம் என்கின்றன என்று தலையெண்ணி முடிவு செய்வதில்லை. ஒன்றையொன்று பார்க்காத சாட்சிகள் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்பதே கேள்வி.

சரி, தொடக்கம் ககரம். அடுத்த உயிர் எகரமா, இகரமா? கன்னடம் 'கிவி' என்கிறது, கட்டுரை '*கெவி' என்கிறது. இங்கே உயிரை மாற்றியது கன்னடம்தான். அடுத்த அசையில் இகரமோ உகரமோ இருந்தால் கன்னடம் எகரத்தை இகரமாகவும் ஒகரத்தை உகரமாகவும் உயர்த்திய சொற்கள் நிறைய உண்டு: தமிழ் 'எலி' கன்னடத்தில் 'இலி', தமிழ் 'பொடி' கன்னடத்தில் 'புடி'. 'கிவி'யும் அப்படி உயர்ந்ததே. தமிழ், தெலுங்கு, துளு, கோத்தர் மொழி எல்லாவற்றிலும் எகரம்தான். நடு மெய் தமிழில் வகரம், துளுவில் பகரம், குடகில் மகரம். மூன்றும் உதட்டில் பிறப்பவை என்பதால் வகரம் என்று வைத்துக்கொண்டால் மற்ற இரண்டையும் விளக்க முடிகிறது. இப்படி ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனியே வழக்கு நடத்தி முடித்த பிறகு கிடைப்பதுதான் *கெவி. முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறி 'இது எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை, கணித்தது' என்று பகிரங்கமாகச் சொல்லும் அடையாளம்.

எல்லாச் சொல்லிலும் இவ்வளவு சுத்தமாக முடியாது. சிறை–கெரெயில் மூல உயிர் எது? அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது தென்திராவிட மொழிகளில் இகரமும் எகரமும் கலந்துவிட்டன. பிறகு தமிழ் அவற்றை இகரமாகவும் கன்னடம் எகரமாகவும் வைத்துக்கொண்டன. கலந்த பின் பிரித்தெடுக்க, கலக்காத ஒரு மொழியின் சாட்சி வேண்டும். அது இல்லாத சொல்லில் 'இகரம் அல்லது எகரம்' என்று எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அழகான ஒரு வடிவத்தைக் கற்பித்துக்கொள்வது இந்த இடத்தில் ஏமாற்று.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மாற்றங்களைக் காலவரிசைப்படுத்துவது. ஆண்டு தெரியாது, ஆனால் எது முந்தி எது பிந்தி என்று சொல்ல முடியும். தெலுங்கில் கைக்கு 'செய்யி'. மூலம் *கய். அகரத்துக்கு முன் தெலுங்கு ககரத்தைத் தொடுவதே இல்லை. கல்லுக்கு 'கல்லு' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியிருக்க கை ஏன் மாறியது? முதலில் *கய் என்பது *கெய் ஆகியிருக்க வேண்டும், பிறகு சகர விதி வந்து அதையும் பிடித்துக்கொண்டது. வரிசையை மாற்றினால் கணக்கு வராது. சகர விதி முதலில் வந்திருந்தால் இன்று தெலுங்கர் கையைக் ககரத்தில் தொடங்கித்தான் சொல்லியிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சொல்லும் உண்டு. தமிழ் 'கீழ்' என்பதன் உறவு தெலுங்கில் 'கிந்த'. எகர இகரத்துக்கு முன் எங்கும் சகரமாக்கும் தெலுங்கு இங்கே மட்டும் ஏன் விட்டது? பழைய தெலுங்கில் இச்சொல் 'க்ரிந்த'. மூல ழகரம் தெலுங்கில் ரகரமாகி, உயிரைத் தாண்டி முன்னால் போய்க் ககரத்தோடு ஒட்டிக்கொண்டது. சொல்லின் தொடக்கத்தில் இப்படி இடம் மாறுவது தெலுங்கில் பரவலாக நடந்திருக்கிறது. சகர விதி வந்தபோது ககரத்துக்கும் இகரத்துக்கும் நடுவே இந்த ரகரம் நின்றதால் விதி தொட முடியவில்லை. பின்னர் அந்த ரகரம் உதிர்ந்து 'கிந்த' ஆனது. அதற்குள் சகர விதி ஓய்ந்துபோயிருந்தது. முதலில் ரகர இடமாற்றம், அடுத்து சகர விதி, கடைசியில் ரகர உதிர்வு. கல்வெட்டு எதையும் தேடாமல் இந்த ஒரு சொல்லை வைத்தே தெலுங்கு வரலாற்றில் மூன்று நிகழ்வுகளை வரிசைப்படுத்திவிட்டோம்.

ஆண்டு சொல்ல முயன்றவர்களும் உண்டு. அசோகர் கல்வெட்டுகளில், அதாவது கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், சேரரைக் 'கேரளபுத்திரர்' என்று ககரத்தில் குறித்திருக்கிறார்கள். எனவே தமிழில் ககரம் சகரமானது அதற்குப் பிறகுதான் என்பது அவர்களின் வாதம். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. மகதத்துக்கு அந்தப் பெயர் ககரத்தை மாற்றாத வேறொரு மொழிக்காரர் வழியாகப் போயிருந்தால், தமிழில் அப்போது என்ன ஒலி இருந்தது என்பதற்கு அது சாட்சியே ஆகாது.

எங்கே தடுக்கி விழுவார்கள் என்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கடன் சொற்களில். மாணிக்கக் கல்லுக்குத் தமிழில் 'கெம்பு' என்ற சொல் இருக்கிறது. தமிழ் விதிப்படி சிவப்பைக் குறிக்கும் வேரில் இருந்து 'செம்பு' வரலாம், 'கெம்பு' வர முடியாது. கன்னடத்தில் 'கெம்பு' என்றால் சிவப்பு. ஆகவே கல் விற்றவர்களோடு சொல்லும் கன்னட நாட்டிலிருந்து வந்திருக்கிறது. சொல் வடிவம் விதியை மீறுவதே கடன் என்பதற்கு முதல் தடயம். 'கீரை'யையும் இதே கண்ணால் பார்க்கலாம். ரகரத்துக்கு முன்னால் ககரம் நின்றிருக்கக் கூடாது, மலையாளத்தில் எதிர்பார்த்தபடி 'சீர' என்றுதான் இருக்கிறது, கன்னடத்தில் 'கீரெ'. மலையாள வடிவமே தமிழுக்கு உரிய பழைய வடிவம் என்றும், 'கீரை' பக்கத்து மொழியிலிருந்து வந்து அதைத் தள்ளிவிட்டது என்றும் கொள்ள இடமிருக்கிறது.

இதைவிட ஆபத்தானது விதிக்கு ஒத்துவரும் கடன். தமிழ் 'ஆயிரம்', கன்னடம் 'சாவிர'. தென்திராவிட மொழிகளில் சொல் முதல் சகரம் பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது. 'ஆறு' என்ற எண் மத்திய இந்தியத் திராவிட மொழியான கோண்டியின் பல வட்டாரங்களில் இன்றும் 'சாருங்' என்று சகரத்தோடு இருக்கிறது. அதே கணக்கில் ஆயிரம்–சாவிரவையும் சேர்த்து மூலத் திராவிடத்தில் ஆயிரம் வரை எண்ணினார்கள் என்று முடிவு கட்டிவிடலாம், அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் கன்னடக் கல்வெட்டுகளில் இதன் பழைய வடிவம் 'சாசிர'. அது வடமொழி 'சஹஸ்ர' பிராகிருதம் வழியாக வந்த வடிவம். சகரம் உதிரும் மாற்றம் முடிவதற்கு முன்பே சொல் வந்து சேர்ந்ததால் அதுவும் சேர்ந்து உதிர்ந்தது. ஒலியிணை ஒழுங்காக இருப்பது, சொல் அந்த மாற்றத்துக்கு முன்பிருந்தே மொழியில் இருந்தது என்பதை மட்டும் காட்டும். அது வீட்டுச் சொத்தா, இரவலா என்பதைக் காண வெளிச் சாட்சியும் தேவைப்படும்.

'எழுதிக் கிடைக்காததை எப்படி நம்புவது' என்று கேட்டிருந்தீர்கள். சில சமயம் எழுத்து கணிப்பைச் சோதித்துத் தரும். தமிழ் பால், புலி, பத்து, பூ. இன்றைய கன்னடம் ஹாலு, ஹுலி, ஹத்து, ஹூ. பிற திராவிட மொழிகளை வைத்துப் பார்த்தால் பகரமே மூலம் என்று முடிவாகும். பழங்கன்னடம் ஒரு வரிகூடக் கிடைக்காமல் போயிருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்போம். ஆனால் பழங்கன்னடக் கல்வெட்டுகளும் காவியங்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 'பால்', 'புலி' என்று பகரத்திலேயே இருக்கிறது; ஹகரம் ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டை ஒட்டித் தலைகாட்டி மெல்லப் பரவுகிறது. ஒப்பீட்டால் கணித்ததும் கல்லில் வெட்டியிருப்பதும் ஒன்றாக வரும் இப்படிப்பட்ட இடங்கள் இருப்பதால்தான், கல் கிடைக்காத *கெவி போன்றவற்றுக்கும் மதிப்புக் கொடுக்கிறோம். அப்போதும் *கெவி என்பதை ஒருவர் வாயில் கேட்ட ஒலிப்பதிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மகள் மொழிகள் அனைத்தும் இழந்துவிட்ட ஓர் ஒலியோ ஈறோ அந்தச் சொல்லில் இருந்திருந்தால் இந்த முறைக்கு அது தெரியவே வராது.

கடைசியாக, சரிவராத ஒன்றையும் காட்டிவிடுகிறேன், எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் 'செடி', கன்னடம் 'கிட', தெலுங்கு 'செட்டு'. பொருளும் நெருக்கம், வடிவமும் நெருக்கம். மூன்றும் ஒரே வேர் என்றால் அடுத்து டகரம் இருப்பதால் தமிழில் 'கெடி' என்று இருந்திருக்க வேண்டும். 'கெடு' தப்பியதைப் போல இதுவும் தப்பியிருக்க வேண்டும். தெலுங்குப் பக்கமிருந்து தமிழுக்கு வந்தது என்று சொன்னால் வடிவம் சரியாகும், ஆனால் மலையாளத்திலும் 'செடி' இருப்பதை அந்த விளக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். தமிழ்ச் சொல் சகரத்திலேயே தொடங்கிய வேறு வேர் என்று சொன்னால், அந்த வேருக்குக் கன்னடத்திலோ கோண்டியிலோ சகரத்தில் தொடங்கும் உறவுச் சொல் ஒன்றைக் காட்ட வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் அதற்குரிய ஆதாரத்தைக் கொண்டுவந்த பிறகே விதிக்கு வெளியே நிற்கும் இந்தச் சொல்லை உள்ளே அழைக்க முடியும்.